வர்ஷ் பிரதியை விரிப்பவரும் ஹஃப்ஸ் பிரதியை மூடுபவரும்

அதியன்னூர் தொடங்கி நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே களியக்காவிளை வரை நீளும் எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. இவ்வட்டாரத்து முஸ்லிம் வீடுகளின் அலமாரியிலும் அத்தகைய கலப்பு உண்டு. பாட்டனார் காலத்து இந்திய அச்சுக் குர்ஆன் ஒருபுறம் இருக்கும். ஹஜ்ஜிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த மதீனா அச்சு மறுபுறம் இருக்கும். இப்போது தொலைபேசித் திரையில் மொரோக்கோ, அல்ஜீரியா, லிபியா நாட்டுப் பிரதிகளும் தடையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து, "இதோ சொல் மாறியிருக்கிறது" என்று ஒருவர் வட்டமிட்டுக் காட்டுவது இன்று எளிதாகிவிட்டது.

அவ்வாறு காட்டப்படும்போது இரண்டு குரல்கள் எழுகின்றன. "இத்தனை காலம் ஒரே நூல் என்றீர்களே, இதோ இரண்டு நூல்" என்பது முதற்குரல். "உலகெங்கும் ஒரு புள்ளிகூட மாறாது, நீர் காட்டுவது போலிப் பிரதி" என்பது இரண்டாவது குரல். முதற்குரல் லண்டன் ஹைட் பூங்காவின் சொற்பொழிவு மூலையில் அரபுப் பிரதிகளை அடுக்கிக் காட்டியவர்களிடமிருந்து கைமாறி வந்தது. இரண்டாவது குரல் மேடைப் பேச்சிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்கள். அச்சுப் பிரதியே மூலம், வாய்மொழி ஓதல் அதன் நிழல் என்று இரு தரப்பும் எண்ணுகின்றன. வரலாற்றில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதற்கு நேர்மாறு.

முதலில் எழுத்து. பழைய ஓலைச்சுவடியைக் கையிலெடுத்த தமிழ் மாணவர் எவருக்கும் இதை விளக்க அதிக நேரம் ஆகாது. சுவடியில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றும். 'பெறு' என்று படிப்பதா, 'பேறு' என்று படிப்பதா என்பதை எழுத்து தீர்மானிப்பதில்லை. பாடம் கேட்டவரின் செவியே தீர்மானித்தது. ஏழாம் நூற்றாண்டின் அரபு எழுத்து இதைவிடவும் சிக்கனமானது. குற்றுயிர்களுக்குக் குறியீடு இல்லை. ஆகாரம் பல இடங்களில் எழுதப்படுவதில்லை. பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்தும் சொல்லின் நடுவே ஒரே பல்வடிவம். ராவுக்கும் ஸாய்க்கும் இடையிலான வேறுபாடு மேலே இடும் ஒரு புள்ளி. அப்புள்ளியையும் அக்கால எழுத்தர் அரிதாகவே இட்டனர். கலீஃபா உஸ்மான் காலத்தில், ஏறத்தாழ 650 அளவில், பெருநகரங்களுக்கு அனுப்பப்பட்ட பிரதிகள் இந்த எலும்புக்கூட்டு எழுத்தில்தான் இருந்தன. ஓதத் தெரிந்தவருக்கு அவை நினைவூட்டிகள். ஓதத் தெரியாதவருக்கு அவற்றிலிருந்து ஓதல் பிறக்காது.

ஓதல் ஆசிரியர் வழி வந்தது. மதீனாவில் நாஃபிஉ, கூஃபாவில் ஆஸிம், மக்காவில் இப்னு கஸீர், பஸ்ராவில் அபூ அம்ர், டமாஸ்கஸில் இப்னு ஆமிர் என ஊர்தோறும் பெயர்பெற்ற ஓதுநர் இருந்தனர். பாக்தாதில் வாழ்ந்து 936இல் மறைந்த இப்னு முஜாஹித், கூஃபாவிலிருந்து மூவரும் மற்ற நான்கு நகரங்களிலிருந்து ஒவ்வொருவருமாக எழுவரைத் தேர்ந்து, அவர்களுடைய ஓதல் எந்தெந்தச் சொல்லில் வேறுபடுகிறது என்று அத்தியாய வரிசையில் பட்டியலிட்டார். இவையே கிராஅத்துகள். ஒவ்வோர் ஓதுநரின் ஓதலையும் பிற்காலத்துக்குக் கொண்டுவந்தவர்களாக இரண்டு அறிவிப்பாளர் சுட்டப்படுவர். ஆஸிமின் அறிவிப்பாளர் ஹஃப்ஸ், ஷுஃபா. நாஃபிஉவின் அறிவிப்பாளர் வர்ஷ், காலூன். ஆகவே 'வர்ஷ் பிரதி' என்பது வர்ஷ் என்பவர் எழுதிய வேறொரு நூலைக் குறிப்பதன்று. எகிப்தியரான வர்ஷ் மதீனாவுக்குச் சென்று நாஃபிஉவிடம் கற்ற ஓதலின்படி உயிர்க்குறிகளும் புள்ளிகளும் இடப்பட்ட பிரதி என்பதே அதன் பொருள்.

இன்று தமிழகத்திலும் கேரளத்திலும் புழங்கும் பிரதிகள் ஹஃப்ஸ் வழியின. துருக்கிய உஸ்மானியப் பேரரசு அவ்வோதலை விரும்பியது. 1924இல் கெய்ரோவில் வெளியான அரசுப் பதிப்பு அதை உலகெங்கும் பரப்பியது. ஆனால் மொரோக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் வர்ஷ் வழியும், லிபியாவில் காலூன் வழியும், சூடானில் அபூ அம்ரின் ஓதலை அத்தூரீ அறிவித்த வழியும் இன்றுவரை உயிருடன் உள்ளன. ஹஃப்ஸ் பிரதிகளைப் பெருந்தொகையில் அச்சிடும் மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகமே வர்ஷ், காலூன், அத்தூரீ பிரதிகளையும் அச்சிடுகிறது. ஒருவர் ஒளித்துவைத்ததை மற்றொருவர் கண்டுபிடித்தார் என்ற கதை இங்கேயே விழுந்துவிடுகிறது. போலிப் பிரதி என்ற மறுப்பும் இங்கேயே விழுகிறது.

இனி, காட்டப்படும் வேறுபாடுகளைப் பார்ப்போர் அவற்றை இனம்பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டுவதே முதற்குரலின் முழு வித்தை.

ஓர் இனம் வெறும் எழுத்து மரபு. மொரோக்கோ மரபில் ஃபா எழுத்துக்குப் புள்ளி கீழே. காஃப் எழுத்துக்கு ஒரே புள்ளி மேலே. இந்தியாவிலும் மதீனாவிலும் ஃபாவுக்கு ஒரு புள்ளி மேலே, காஃபுக்கு இரண்டு புள்ளி மேலே. மொரோக்கோப் பிரதியை முதன்முதல் காண்பவர் காஃப் வரும் இடமெல்லாம் ஃபா என்று படித்து, நூற்றுக்கணக்கான 'மாற்றங்களை' ஒரே பகலில் கண்டுபிடிக்கலாம். ஓதலில் ஒன்றுகூட மாறியிராது. இந்தியப் பிரதியையும் மதீனாப் பிரதியையும் ஒப்பிடும்போது காண்பவை பெரும்பாலும் இவ்வினமே. இரண்டும் ஹஃப்ஸ் வழி. உகர நீட்சியைக் காட்ட ஒன்று தலைகீழ்க் குறியை இடும், மற்றொன்று சிறிய வாவ் எழுத்தை இடும். பாலராமபுரத்து வீட்டிலோ பூவார் வீட்டிலோ இவ்விரண்டையும் வைத்துக் குழம்பும் சிறுவனுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாது ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்.

வசன எண்ணும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கூஃபா மரபு இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் நிற்கும் 'அலிஃப் லாம் மீம்' என்ற எழுத்துகளைத் தனி வசனமாக எண்ணும். மதீனா மரபு எண்ணாது. அதனால் அவ்வத்தியாயம் ஹஃப்ஸ் பிரதியில் 286 வசனம், வர்ஷ் பிரதியில் 285. மொத்த எண்ணிக்கையும் 6236, 6214 என்று வேறுபடும். எண்ணை மட்டும் நம்பி இரு பிரதிகளையும் ஒப்பிடுபவர் வெவ்வேறு வசனங்களை எதிரெதிரே வைத்துவிட்டு, வசனமே மாறிவிட்டது என்பார்.

அடுத்த இனம், எலும்புக்கூடு ஒன்றாயிருக்க ஓதல் வேறுபடுவது. முதல் அத்தியாயத்தில் தீர்ப்பு நாளுக்குரியவன் என்று இறைவன் குறிக்கப்படும் இடம் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. உஸ்மானியப் பிரதியில் அங்கே மீம், லாம், காஃப் என்ற மூன்று எழுத்துகளே உள்ளன. ஆஸிம் 'மாலிகி' என்று நெடிலாக ஓதினார். உடையவன் என்பது பொருள். நாஃபிஉ 'மலிகி' என்று குறிலாக ஓதினார். அரசன் என்பது பொருள். ஹஃப்ஸ் பிரதி மீமுக்கு மேல் ஒரு சிறிய அலிஃபைக் குத்தி நெடிலைக் காட்டும். வர்ஷ் பிரதியில் அந்தக் குறி இராது. மூன்று மூல எழுத்துகளுக்கும் எதுவும் நேரவில்லை. வர்ஷ் வழியில் ஹம்ஸா என்னும் தொண்டையொலி பல இடங்களில் கரைந்து, 'முஃமினூன்' என்பது 'மூமினூன்' என்று ஒலிப்பதும் இவ்வகையே. இது நூல் முழுவதும் விதியாக வருவது. விதியாக வரும் மாற்றம் கைப்பிழையாக இருக்க முடியாது. கைப்பிழைக்கு விதி தெரியாது.

மேடைப் பேச்சாளர்கள் விரும்பும் விடை இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. "இவை வட்டார உச்சரிப்பு வேறுபாடுகள், நாஞ்சில் தமிழும் தஞ்சைத் தமிழும் போல" என்று சொல்லி அமர்ந்துவிடுகிறார்கள். அவ்விடை போதாது. எலும்புக்கூடே வேறுபடும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. இரண்டாம் அத்தியாயம் 132ஆம் வசனத்தில், இப்ராஹீம் தம் மக்களுக்கு அறிவுறுத்தியதைக் கூறும் இடத்தில், ஹஃப்ஸ் பிரதி 'வஸ்ஸா' என்கிறது. வர்ஷ் பிரதி 'அவ்ஸா' என்கிறது. பின்னதில் ஓர் அலிஃப் கூடுதல். மூன்றாம் அத்தியாயம் 133இன் தொடக்கத்தில் ஹஃப்ஸில் 'வ' என்ற இணைப்பிடைச்சொல் உண்டு, வர்ஷில் இல்லை. ஐம்பத்தேழாம் அத்தியாயம் 24இல் ஹஃப்ஸ் பிரதியில் உள்ள 'ஹுவ' என்ற பெயர்ச்சொல் வர்ஷில் முழுமையாகவே இல்லை. இவற்றை உச்சரிப்பு என்று எந்த மொழியியலும் ஏற்காது. ஒரு சொல் இருப்பதும் இல்லாதிருப்பதும் உச்சரிப்பு ஆகாது.

இவ்விடங்களுக்கான விளக்கம் உஸ்மானியப் பிரதிகளிடையே உள்ளது. மதீனாவிலும் சிரியாவிலும் இருந்த பிரதிகளில் 'அவ்ஸா' என்றே எழுதப்பட்டிருந்தது. கூஃபா, பஸ்ரா பிரதிகளில் 'வஸ்ஸா'. மேற்சொன்ன மூன்று இடங்களிலும் மதீனாவின் நாஃபிஉவும் டமாஸ்கஸின் இப்னு ஆமிரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். கூஃபாவின் ஆஸிம் மறுபக்கம் நிற்கிறார். ஓதுநர் அவரவர் ஊர்ப் பிரதியோடு ஒத்துப்போகிறார். ஸ்பெயினின் தேனியா ஊரைச் சேர்ந்து 1053இல் மறைந்த அபூ அம்ர் அத்தானீ, இத்தகைய ஊர்ப்பிரதி வேறுபாடுகளைத் தம் 'அல் முக்னிஉ' நூலில் தொகுத்துவைத்தார். முழு நூலிலும் இவை சில பத்து இடங்களே. 2004இல் மைக்கேல் குக் இப்பட்டியல்களை மரபுக்கிளை முறையில் சோதித்து, இவ்வேறுபாடுகள் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த பிரதிகளின் கிளைமரமாகச் சீராக அமைவதைக் காட்டினார். பிற்காலத்தார் கற்பனையாகப் புனைந்திருந்தால் அச்சீர்மை அமைந்திருக்க வாய்ப்பில்லை.

இரு ஊர்ப்பிரதிகளிலும் ஏன் வெவ்வேறாக எழுதப்பட்டது என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் உள்ளன. இரு ஓதலும் நபியிடமிருந்தே வந்தன, இரண்டையும் ஒரே பிரதியில் எழுத இயலாததால் பிரித்து எழுதினர் என்பது மரபு அறிஞரின் விடை. படியெடுத்தபோது நேர்ந்த சிறு நழுவல்கள் பின்னர் ஓதலிலும் நிலைபெற்றன என்பது வரலாற்றாய்வாளர் பலரின் விடை. நம்பிக்கையாளர் முதல் விடையைக் கொள்ளலாம். ஆய்வாளர் இரண்டாவதை வாதிடலாம். ஆனால் 'ஒரு புள்ளியும் மாறாது' என்பவருக்கு இவ்விரண்டு விடையுமே பகை. அவர் மறுப்பது எதிரியின் வாதத்தை மட்டுமன்று; அத்தானீயின் நூலையும் மறுக்கிறார்.

கிராஅத் விளக்கத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு என்பதை இரு தரப்பும் மறக்கின்றன. 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரீ ஏற்புடைய ஓதலுக்கு மூன்று நிபந்தனைகளைக் கூறினார்: அரபு இலக்கணத்துக்கு ஏதோ ஒரு வகையில் பொருந்த வேண்டும், உஸ்மானியப் பிரதிகளுள் ஒன்றின் எலும்புக்கூட்டுக்கு இடங்கொடுக்க வேண்டும், ஆசிரியத் தொடர் உறுதியாக இருக்க வேண்டும். எழுவரோடு மேலும் மூவரைச் சேர்த்துப் பதின்மர் ஓதலை நிலைநாட்டியவரும் அவரே. 'வேறுபாடா, கிராஅத் என்று சொல்லிவிடு' என்ற சமாளிப்பை இந்த அளவுகோல் தடுக்கிறது.

அளவுகோல் வேலை செய்வதை ஒரு புள்ளியை வைத்தே பார்க்கலாம். இரண்டாம் அத்தியாயம் 259இல், பாழடைந்த ஊரைக் கடந்த ஒருவருக்கு எலும்புகள் காட்டப்படும் இடம். ஹஃப்ஸ் பிரதியில் 'நுன்ஷிஸுஹா' என்று ஸாய் எழுத்து. எலும்புகளை எழுப்பி ஒன்றுசேர்ப்பது பொருள். நாஃபிஉவும் இப்னு கஸீரும் அபூ அம்ரும் 'நுன்ஷிருஹா' என்று ராவோடு ஓதினர். அவற்றுக்கு உயிர் கொடுப்பது பொருள். எழுத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு புள்ளி மட்டுமே. இப்போது பழைய கல்லச்சுப் பிரதி ஒன்றில் அப்புள்ளி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது நாஃபிஉவின் ஓதலா, மை பிடிக்காமல் போன புள்ளியா?

அவ்வொரு சொல்லை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. அதே பிரதியில் முதல் அத்தியாயத்தைத் திறக்க வேண்டும்: 'மாலிகி'யா, 'மலிகி'யா? பிறகு 2:132ஐப் பார்க்க வேண்டும்: 'வஸ்ஸா'வா, 'அவ்ஸா'வா? 'முஃமினூன்' என்பதில் ஹம்ஸா நிற்கிறதா, கரைந்திருக்கிறதா? 'மலிகி', 'அவ்ஸா', கரைந்த ஹம்ஸா, ரா நான்கும் ஒருங்கே வந்தால் அது வர்ஷ் பிரதி. புள்ளி இல்லாதது சரியே. மற்ற மூன்றும் ஹஃப்ஸாக இருந்து இங்கு மட்டும் புள்ளி இல்லையென்றால் அது அச்சுப்பிழை. அச்சொல் வேறோர் ஓதலில் சரியாக இருப்பது அப்பிரதியைக் காப்பாற்றாது. ஓதல் என்பது விரும்பிய சொல்லை விரும்பிய இடத்தில் பொறுக்கிக்கொள்ளும் சந்தையன்று. தொடக்கம் முதல் இறுதி வரை ஓர் ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொண்ட முழுப்பாடம். பிரதி அந்த முழுப்பாடத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

அச்சுப்பிழை என்பதும் கற்பனை அன்று. பாகிஸ்தான் 1973இல் குர்ஆன் அச்சிலும் ஒலிப்பதிவிலும் பிழை களைவதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பிழையே நேராது என்றால் அச்சட்டத்துக்குத் தேவை இருந்திராது. அச்சுப்பிழையை அச்சுப்பிழை என்று ஒப்புக்கொள்வதற்கு அஞ்சுபவர் உண்மையான ஓதலை எடுத்துக்காட்டும்போது அவரை எவரும் நம்பப்போவதில்லை.

'பொருள் சற்றும் மாறாது' என்ற வாய்பாட்டையும் கைவிட வேண்டும். ஐந்தாம் அத்தியாயம் 6இல் உளூவின்போது கால்களைக் குறிக்கும் சொல்லை ஹஃப்ஸ் 'அர்ஜுலகும்' என்றும், அதே ஆஸிமின் மற்றொரு மாணவரான ஷுஃபா 'அர்ஜுலிகும்' என்றும் அறிவித்தனர். முன்னது கால்களைக் கழுவுவதற்குரிய உறுப்புகளோடு சேர்க்கிறது. பின்னது சொல்லமைப்பில் ஈரக்கையால் தடவுவதற்குரிய தலையோடு சேர்க்கிறது. ஓர் உயிர்க்குறி மாறியதால் சட்ட அறிஞர் நூற்றாண்டுகளாக விளக்கம் எழுதினர். அவர்கள் இரு ஓதலையும் மறைக்கவில்லை. இரண்டையும் எதிரில் வைத்துக்கொண்டே வாதிட்டனர். மிகப் பழைய உரையாசிரியருள் ஒருவரான தபரீ, இன்று ஏற்கப்பட்ட ஓதல்கள் சிலவற்றையே வெளிப்படையாகக் குறைகூறினார். அன்றைய புலமைக்கு இருந்த துணிவு இன்றைய மேடைக்கு இல்லை.

விளக்கத்தின் எல்லையும் இங்கேயே குறிக்கப்பட வேண்டும். அச்சுப் பிரதிகளிடையே உள்ள வேறுபாட்டைக் கிராஅத் நன்கு விளக்குகிறது. ஆனால் 1972இல் யெமன் நாட்டு ஸனா பெரிய பள்ளிவாசலில் கண்டெடுக்கப்பட்ட தோற்சுவடிகளுள், அழித்தெழுதப்பட்ட ஒன்றின் கீழடுக்கு வேறொரு வகை. அங்குள்ள சொல் வேறுபாடுகள் பதின்மர் ஓதலுக்குள் அடங்குவன அல்ல. அதை வர்ஷ் என்றோ காலூன் என்றோ சொல்லி ஒதுக்க முடியாது. அது உஸ்மானியத் தொகுப்புக்கு வெளியே நிற்கும் மரபைப் பற்றிய வினா. அதற்குத் தனி ஆய்வு தேவை. அதேபோல், அச்சுவடியைக் காட்டி மொரோக்கோப் பிரதியைத் தாக்குவதும் செல்லாது. ஒன்றுக்கான சான்று மற்றொன்றுக்கு ஆகாது.

ஆகவே இனி இரு பிரதிகளை வட்டமிட்டுக் காட்டுபவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அப்பிரதி எவருடைய அறிவிப்பின்படி அச்சானது? வசன எண் கூஃபா முறையா, மதீனா முறையா? வேறுபடுவது புள்ளியிடும் மரபா, உயிர்க்குறியா, எலும்புக்கூடா? அவ்வேறுபாடு இப்னு முஜாஹித், அத்தானீ பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறதா? இவற்றுக்கு விடை சொன்ன பிறகு அவர் கையில் மீதம் இருப்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பட்டியலிடப்பட்ட செய்தியாகவே இருக்கும். அல்லது திருத்தப்பட வேண்டிய ஓர் அச்சுப்பிழையாக இருக்கும்.

மாறவே இல்லை என்று பிரதியை மூடுபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே. 1924ஆம் ஆண்டின் கெய்ரோப் பதிப்பும் இன்றைய மதீனா அச்சும் தம் பின்பக்கங்களில் ஒரு விளக்கவுரையைத் தாங்கியுள்ளன. இப்பிரதி ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதலின்படி அமைந்தது, எழுத்துமுறை இன்னின்ன அறிஞரைப் பின்பற்றியது, வசன எண்ணிக்கை கூஃபா முறையில் 6236 என்று அது கூறுகிறது. வேறு அறிவிப்புகள் உண்டு என்பதால்தான் எந்த அறிவிப்பு என்று பெயர் சொல்ல வேண்டியிருந்தது. அதியன்னூரிலும் பாறசாலையிலும் வீட்டு அலமாரியில் இருக்கும் மதீனாப் பிரதியிலும் அந்தப் பக்கங்கள் உள்ளன. அவர் அவற்றைப் படித்திருக்கிறாரா?